கடனுக்கு முன் மாவுக் கணக்கு

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட நினைக்கும் ஒருவர், பெரிய கிரைண்டருக்காக 50,000 ரூபாய் முத்ரா கடன் கேட்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்துக்கு முன் ஒரு கணக்கு போட வேண்டும்.

நான்கு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து சேர்ந்து 300 ரூபாய். அரைத்தால் சுமார் 12 கிலோ மாவு, கிலோவுக்கு 25 ரூபாய். உப்பு, கவர், மின்சாரத்துக்கு 2 ரூபாய். கடைக்காரர் 40 ரூபாய் தந்தால் 13 ரூபாய் மிஞ்சும்.

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் போகும் செலவுகள் வேறு. 12 சதவீத வட்டியில் இரண்டு வருடத் தவணை சுமார் 2,350, பெட்ரோலும் பராமரிப்பும் 1,650, அவருடைய கூலி 6,000. பலர் தங்கள் கூலியை எழுதுவதே இல்லை. அது பெரிய தவறு. மொத்தம் 10,000. அதை 13ஆல் வகுத்தால் மாதம் 770 கிலோ, தினமும் 26 கிலோ விற்க வேண்டும்.

ஆனால் விற்காமல் புளித்த பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பித் தருவார். பத்தில் ஒன்று திரும்பினாலே அரைக்கும் கிலோவுக்கு மிச்சம் 9 ரூபாய்தான். அப்போது தினமும் 37 கிலோ அரைத்தாக வேண்டும்!

அதனால் முதலில் இருக்கிற கிரைண்டரில் அரைத்து, மூன்று கடைகளில் ஒரு மாதம் போட்டு, திரும்பும் பாக்கெட்டுகளைத் தினமும் எழுதி வையுங்கள். தெருவில் 37 கிலோ போகாது என்று தெரிந்தால், கடன் தொகையைக் குறையுங்கள், அல்லது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்பதிவில் நேரடியாக விற்றுப் பாருங்கள். அங்கே பாக்கெட் திரும்பாது.