டேர்ம் பிளான்: யாருக்கு, எவ்வளவு, எத்தனை வருஷம்?

நான் காப்பீட்டு ஆலோசகர். நீங்கள் என் மூலம் பாலிசி எடுத்தால் எனக்குக் கமிஷன் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

டேர்ம் பிளான் சேமிப்பு அல்ல. குறித்த காலத்துக்குள் பாலிசிதாரர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். காலம் முடியும்போது உயிரோடு இருந்தால் கட்டிய பணம் திரும்ப வராது. பிரீமியம் குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். கட்டியதைத் திருப்பித் தரும் வகையும் உண்டு. ஆனால் அதற்குப் பிரீமியம் கணிசமாகக் கூடும். அதனால் சாதாரண வகையையே நான் முதலில் சொல்வேன். உங்கள் வருமானத்தை நம்பி யாரும் இல்லை, கடனும் இல்லை என்றால் இப்போதைக்கு இது உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

எவ்வளவுக்கு எடுப்பது? கோவையில் ஒரு பம்ப் கம்பெனி சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்வோம். வயது 34, மகளுக்கு 6. வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். அதில் அவருடைய சொந்தச் செலவு 6,000. மனைவி தையலில் 8,000 சம்பாதிக்கிறார். அவர் இல்லையென்றால் மாதம் 16,000 துண்டு விழும். மகளுக்கு 24 வயதாகும்வரை, அதாவது 18 வருஷத்துக்கு, சுமார் 34.5 லட்சம். விலைவாசி ஏற்றமும் பணத்துக்கு வரும் வட்டியும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வீட்டுக் கடன் பாக்கி 18 லட்சம், மகள் படிப்புக்கு 10 லட்சம் சேர்த்தால் 62.5 லட்சம். பி.எஃப். இருப்பு 5 லட்சத்தைக் கழித்தால் 57.5. ஆக, 60 லட்சம். கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸை நான் கணக்கில் சேர்க்கவில்லை, வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

இதில் மனைவியின் முதுமைக்கு எதுவும் ஒதுக்கவில்லை. அதையும் சேர்க்க விரும்பினால் தொகை கூடும். காலம் அவருடைய 60 வயதுவரை போதும். 85 வரை நீட்டினால், சம்பளமே இல்லாத வயதுக்கும் சேர்த்து இப்போதே பிரீமியம் கட்டுவதாகும்.

நான் அதிகம் வற்புறுத்துவது விண்ணப்பப் படிவத்தைத்தான். சர்க்கரைக்கு மாத்திரை, எப்போதாவது பிடிக்கும் சிகரெட், ஏற்கெனவே உள்ள பாலிசிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதினால் பிரீமியம் ஏறலாம், விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். மறைத்தால், முதல் மூன்று வருஷத்துக்குள் கிளெய்ம் வரும்போது காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி கம்பெனி அதைக் காட்டி மறுக்க முடியும். முதல் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டுவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது.

மேலே சொன்னது ஓர் உதாரணம்தான், உங்களுக்கான பரிந்துரை அல்ல. வயது, உடல்நிலை, பழக்கங்களைப் பொறுத்து பிரீமியம் மாறும். முதல் வருஷத்தில் தற்கொலை என்றால் முழுத் தொகை கிடைக்காது. பாலிசி கைக்கு வந்ததும் கூடவே இருக்கும் விண்ணப்ப நகலில் நீங்கள் சொன்னதுதான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.