ஐ.டி. டீமுக்கு எழுதும் கடிதத்தை யார் படிக்கிறார்கள்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்பிங் பிரிவில் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்கிறார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஷேர்டு டிரைவில் இருக்கின்றன. ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது திரை. உடனே ஐ.டி. டீமுக்கு ஒரு மெயில் போடுகிறார்: “சார், ஷேர்டு டிரைவ் ஓப்பன் ஆகவில்லை. பக்கத்து சீட் அண்ணனுக்கு இருப்பது போலவே எனக்கும் கொடுங்கள். அவசரம்.”

இப்படி ஒரு மெயில் நாள்கணக்கில் கிடப்பில் கிடப்பதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். ஐ.டி. ஆட்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும். உண்மையில் அவர்களால் அந்த மெயிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஐ.டி. டீம் சாவிக்கொத்தை வைத்திருக்கும் காவலாளிதான். வீட்டுக்காரர் வேறு ஒருவர். ஷிப்பிங் ஃபோல்டருக்கு ஷிப்பிங் மேனேஜர், வங்கி விவரங்களுக்கு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்று ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பொறுப்பாளர் உண்டு. திறந்துவிடலாமா என்று முடிவெடுப்பவர் அவர். ஆகவே நீங்கள் எழுதும் கோரிக்கையை இரண்டு பேர் படிக்கிறார்கள். எந்த ஃபோல்டர், எந்த அளவு என்பது ஐ.டி. ஊழியருக்குத் தேவை. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது பொறுப்பாளருக்குத் தேவை. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் மெயில் திரும்பி வரும்.

முதலில் ஃபோல்டர். “இசட் டிரைவ்” என்று எழுதினால் போதாது. அந்த எழுத்து ஒவ்வொரு கணினியிலும் வேறு வேறு இடத்தைக் காட்டக்கூடும். உங்கள் இசட், பக்கத்து சீட்டில் எக்ஸாக இருக்கலாம். சர்வரின் பெயரில் தொடங்கும் முழு முகவரிதான் எல்லோருக்கும் பொது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதைத் தட்டினால் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய முகவரி தெரியும்:

```
net use
```

சில அலுவலகங்களில் அனுமதி இல்லாத ஃபோல்டர் கண்ணுக்கே தெரியாதபடி அமைத்திருப்பார்கள். ஃபோல்டரை யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அதைப் பயன்படுத்தும் சக ஊழியரிடம் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திரையில் வந்த வாசகத்தையும் அப்படியே எழுதுங்கள். `Access is denied` என்று வந்தால் பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. `The network path was not found` என்று வந்தால் உங்கள் கணினி சர்வரைச் சென்று சேரவே இல்லை. முகவரி பிழையாக இருக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் வி.பி.என். போடாமல் இருக்கலாம். அங்கே அனுமதி கேட்டுப் பயனில்லை.

அடுத்தது அளவு. விண்டோஸ் சர்வரில் பொதுவாகக் கேட்க வேண்டியது இரண்டில் ஒன்று. ‘ரீட்’ என்றால் திறந்து படிக்கலாம், நகல் எடுக்கலாம். ‘மாடிஃபை’ என்றால் திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். அந்தக் கடைசிச் சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. மவுஸ் சற்று வழுக்கினால் ஒரு ஃபோல்டர் முழுவதும் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிடும். அன்று முழுக்கப் பிரிவே அதைத் தேடும். ரான்சம்வேர் உங்கள் கணினிக்குள் புகுந்தால், உங்கள் கணக்கால் திருத்த முடிகிற ஃபைல்களையெல்லாம் அதுவும் பூட்டிவிட முடியும். படித்தால் போதும் என்கிற இடத்தில் ‘ரீட்’ மட்டும் கேட்பது உங்களுக்கே பாதுகாப்பு. ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்று மூன்றாவது ஒன்று உண்டு. அது யாருக்கு அனுமதி என்பதையே மாற்றும் அதிகாரம். அன்றாட வேலைக்கு அதைக் கேட்க வேண்டியதில்லை.

“அண்ணனுக்கு இருப்பது போலவே” என்ற கோரிக்கையை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். அந்த அண்ணன் பல வருடம் அங்கே இருப்பவர். இடையில் கொஞ்சகாலம் அக்கவுண்ட்ஸில் இருந்திருப்பார். ஒரு ஆடிட்டுக்காகச் சம்பளப் பட்டியலைப் பார்க்க அனுமதி வாங்கியிருப்பார். எதையும் யாரும் திரும்ப எடுத்திருக்க மாட்டார்கள். அவரைப் போலவே என்றால் நேற்று சேர்ந்தவருக்கும் சம்பளப் பட்டியல் திறக்கும். ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச உரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதியை 1975-லேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதையே அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

சரி, ஷிப்பிங் பெண் எப்படி எழுதியிருக்கலாம்? இப்படி:

“வணக்கம். நான் ஷிப்பிங் பிரிவில் டாக்குமெண்டேஷன் அசிஸ்டெண்டாக இந்த மாதம் சேர்ந்திருக்கிறேன். ஷிப்பிங் மேனேஜரின் கீழ் வேலை செய்கிறேன். இந்த மெயிலில் அவரையும் சேர்த்திருக்கிறேன். `\\FS01\Shipping\Invoices` ஃபோல்டரில் மாடிஃபை அனுமதி வேண்டும். ஒவ்வொரு ஷிப்மெண்ட்டுக்கும் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் தயாரித்து அங்கே சேமிப்பது என் வேலை. `\\FS01\Accounts\BankAdvice` ஃபோல்டரில் ரீட் மட்டும் போதும். பையரிடமிருந்து பணம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஆவணங்களை அனுப்ப வேண்டியிருக்கிறது. விடுப்பில் இருக்கும் சக ஊழியருக்குப் பதிலாக இதைச் செய்வதால் இரண்டாவது அனுமதி மார்ச் 31 வரை இருந்தால் போதும். அடுத்த ஷிப்மெண்ட் வெள்ளிக்கிழமை; அதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

இதில் “அவசரம்” என்ற சொல்லே இல்லை. வெள்ளிக்கிழமை என்ற நாள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. காரணம் சொல்லும் வாக்கியங்களைக் கவனியுங்கள். “வேலைக்குத் தேவை” என்று எழுதியிருந்தால் பொறுப்பாளருக்கு எதுவும் விளங்காது. எந்த வேலையில், எந்த இடத்தில் அந்த ஃபைல் வேண்டும் என்று சொன்னதால் அவர் யோசிக்க முடிகிறது.

அக்கவுண்ட்ஸ் மேனேஜர் யோசித்துவிட்டு மறுக்கவும் கூடும். அந்த ஃபோல்டரில் பையர் பண விவரத்தோடு நிறுவனத்தின் கடன் கணக்கும் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். காரணம் தெளிவாக இருந்தால் அவரே மாற்று வழி சொல்வார்: வந்த பணத்தின் பட்டியலைத் தினமும் காலையில் ஷிப்பிங் ஃபோல்டரில் போட்டுவிடச் சொல்கிறேன், அது போதுமா? போதும்தான். கேட்டது ஃபோல்டராக இருந்தாலும் வேண்டியிருந்தது அந்தப் பட்டியல்.

சாஃப்ட்வேர் கேட்பதும் ஏறக்குறைய இதே கதைதான். கூடுதலாக லைசென்ஸுக்கான செலவு எந்தப் பிரிவின் கணக்கில் என்பதையும், உங்கள் வேலைக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். பி.டி.எஃப். படிக்க மட்டும் வேண்டியவர் அதைத் திருத்தும் கட்டணப் பதிப்பைக் கேட்டால் கேள்வி வரத்தான் செய்யும்.

கடைசியாக ஒன்று. “கொடுத்தாயிற்று” என்று பதில் வந்த பிறகும் ஃபோல்டர் திறக்காமல் போவது உண்டு. பெரும்பாலான நிறுவனங்களில் ஐ.டி. ஊழியர் உங்கள் பெயரை ஃபோல்டரில் நேரடியாக எழுதுவதில்லை. அந்த அனுமதி உள்ள ஒரு குழுவில் உங்களைச் சேர்க்கிறார். நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதை விண்டோஸ் லாக்-இன் செய்யும்போது குறித்துக்கொள்கிறது. காலையில் லாக்-இன் செய்தவருக்கு மதியம் கிடைத்த அனுமதி அந்தக் குறிப்பில் இராது. திரையைப் பூட்டித் திறப்பதையோ லேப்டாப்பை மூடித் திறப்பதையோ நம்பாமல், முழுதாக லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். பிறகு இதைத் தட்டுங்கள்:

```
whoami /groups
```

வரும் பட்டியலில் புதிய குழுவின் பெயர் இருந்தும் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் கோளாறு ஃபோல்டர் அமைப்பில் இருக்கலாம். பெயரே இல்லையென்றால் உங்களைக் குழுவில் சேர்த்தது விட்டுப்போயிருக்கலாம், அல்லது சர்வர்களுக்குள் இன்னும் பரவாமல் இருக்கலாம். எது என்பதை அந்தப் பட்டியலோடு பழைய டிக்கெட்டிலேயே எழுதி அனுப்புங்கள். புதிய டிக்கெட் போட்டால் வேறொருவர் முதலிலிருந்து தொடங்குவார்.