ஓட்டு எண்ணும் நாளும் பங்கு மார்க்கெட்டும்
கெடு நெருங்கிய சீட்டுக்கு ஏன் இத்தனை விலை?

2024-ம் ஆண்டு ஜுன் மாதம் 4-ந் தேதி. கோட்டூர்புரத்தை அடுத்துள்ள அண்ணா பல்கலைக் கழகத்தில் தென்சென்னை தொகுதியின் ஓட்டுகள் எண்ணப்பட்டன. நாடு முழுவதும் அன்றுதான் எண்ணிக்கை.

முடிவு என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால், எந்த நாளில் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 16-ந் தேதியே தேர்தல் கமிஷன் தேதியை அறிவித்து விட்டது.

"நாள் தெரியும், முடிவு தெரியாது" - இந்த ஒரு நிலைமை பங்கு மார்க்கெட்டில் ஒரு வினோதத்தை உண்டாக்குகிறது. சில நாட்களே உயிர் உள்ள சீட்டின் விலை திடீர் என்று பல மடங்கு ஏறுகிறது. ஒரு மாதம் உயிர் உள்ள சீட்டோ கொஞ்சம்தான் ஏறுகிறது. ஏன்?

ஆப்ஷன் என்றால் என்ன?

"நிப்டி" என்பது 50 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் கணக்கிடும் ஓர் எண். அது இறங்கினால் பணம் தரும் சீட்டு ஒன்று உண்டு. அதற்கு "புட் ஆப்ஷன்" என்று பெயர். ஏறினால் பணம் தருவது "கால் ஆப்ஷன்".

வாங்குகிறவர் முன்கூட்டியே ஒரு தொகை கட்டுகிறார். அதுதான் பிரீமியம். விற்கிறவர் அதை வாங்கிக் கொண்டு நஷ்ட பயத்தைத் தன் தலையில் ஏற்றுக் கொள்கிறார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கெடு நாள் உண்டு. அன்று கணக்குத் தீரும். சீட்டு செத்து விடும்.

கெடுவுக்குள் நிப்டி எவ்வளவு ஆடும் என்று விற்கிறவர் நினைக்கிறாரோ, அதற்கு ஏற்றபடி பிரீமியம் கேட்பார். ஆட்டம் பெரிது என்றால் பிரீமியமும் பெரிது.

டம்ளரும் அண்டாவும்

ஒரு கரண்டி உப்பை டம்ளர் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கரண்டி உப்பை அண்டாவில் போட்டால் கரிப்பு தெரியாது. உப்பு ஒன்றுதான், தண்ணீர்தான் வேறு.

ஓட்டு எண்ணும் நாள்தான் அந்த உப்பு. கெடு நெருங்கிய சீட்டு, டம்ளர். தூரத்துக் கெடு, அண்டா.

அந்த வாரத்துச் சீட்டின் கெடு ஜுன் 6, வியாழக்கிழமை. ஜுன் 3-ந் தேதி மாலையில் பார்த்தால், அதற்கு மிச்சம் இருந்த வியாபார நாட்கள் 3. மாதச் சீட்டின் கெடு ஜுன் 27. அதற்கு, பக்ரீத் விடுமுறை போக, 17 நாட்கள். இரண்டு சீட்டிலும் ஜுன் 4 அடங்கி இருந்தது. ஒன்றில் அது 3 நாட்களில் ஒரு நாள். மற்றதில் 17 நாட்களில் ஒரு நாள்.

இதோ கணக்கு

சாதாரண நாளில் நிப்டி 1 சதவிகிதம் ஆடும் என்றும், ஓட்டு எண்ணும் நாளில் 4 சதவிகிதம் ஆடும் என்றும் கணக்குக்காக வைத்துக் கொள்வோம்.

3 நாள் ஆட்டத்தை அப்படியே கூட்டக் கூடாது. ஒரு நாள் ஏறினால் மறுநாள் இறங்கலாம். ஒன்றை ஒன்று ஈடு செய்து விடும். ஆகவே, ஒவ்வொரு நாளின் ஆட்டத்தையும் அதே எண்ணால் பெருக்கி, பிறகு கூட்டி, கடைசியில் வர்க்க மூலம் காண வேண்டும்.

கிட்டத்துக் கெடு: 16 + 1 + 1 = 18. இதன் வர்க்க மூலம் சுமார் 4¼ சதவிகிதம். எண்ணும் நாள் இல்லாவிட்டால் இது 1¾ சதவிகிதம்தான்.

தூரத்துக் கெடு: 16-உடன் 16 சாதாரண நாட்கள் சேர்ந்து 32. வர்க்க மூலம் சுமார் 5¾. எண்ணும் நாள் இல்லாவிட்டால் 4-க்குச் சற்று மேல்.

ஜுன் 3-ந் தேதி நிப்டி 23,264-ல் முடிந்தது. ஏறத்தாழ அதே எண்ணுக்கு உள்ள சீட்டின் விலையை, மொத்த ஆட்டத்தில் பத்தில் நாலு பங்கு என்று தோராயமாகப் போடலாம். அப்படிப் போட்டால், 160 ரூபாய் பெறும் வாரச் சீட்டு 395 ரூபாய் ஆகிறது. 385 ரூபாய் பெறும் மாதச் சீட்டு 525 ரூபாய்தான் ஆகிறது. முன்னது இரண்டரை மடங்கு. பின்னது ஒன்றரை மடங்குகூட இல்லை!

மேடு எங்கே இருக்கிறது?

கெடு நெருங்கினால் மட்டும் விலை ஏறாது. கெடுவுக்குள் அந்த நாள் விழ வேண்டும். மே 30-ந் தேதிக் கெடு, எண்ணிக்கைக்கு முன்பே முடிந்தது. அந்தச் சீட்டில் உப்பே இல்லை.

ஆகவே, ஒவ்வொரு கெடுவுக்கும் ஒரு நாள் சராசரி ஆட்டத்தைக் கணக்கிட்டு வரிசையாக எழுதினால், சம்பவத்தை அடுத்த முதல் கெடுவில் ஒரு மேடு தெரியும். அதற்குப் பின் சரிவு. மேடு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே, மார்க்கெட் எந்த நாளைக் கண்டு பயப்படுகிறது என்று சொல்லி விடலாம். பட்ஜெட் நாளுக்கும், ரிசர்வ் வங்கி வட்டி அறிவிக்கும் நாளுக்கும், கம்பெனிகள் லாபக் கணக்கு வெளியிடும் நாளுக்கும் இதே கதைதான்.

நடந்தது என்ன?

ஜுன் 4-ல் ஆளும் கட்சிக்கு எதிர்பார்த்த அளவு இடம் கிடைக்கவில்லை. நிப்டி 1,379 புள்ளிகள் சரிந்து 21,884-ல் முடிந்தது. கிட்டத்தட்ட 6 சதவிகித வீழ்ச்சி!

23,250-க்கு உள்ள புட் சீட்டை, நம் கணக்குப்படி 395 ரூபாய்க்கு ஒருவர் வாங்கி இருந்தால், அன்று மாலை அதன் மதிப்பு 1,365 ரூபாய்க்கு மேல். கொள்ளை லாபம். ஆனால், "இன்னும் இறங்கும்" என்று அவர் கையில் வைத்திருந்தால்? நிப்டி மளமளவென்று மீண்டு, வியாழக்கிழமை 22,821-ல் முடிந்தது. சீட்டுக்குக் கிடைப்பது 429 ரூபாய். போட்டதற்கு மேல் 34 ரூபாய்தான்! "ஏறும்" என்று கால் சீட்டு வாங்கியவருக்கோ ஒரு காசும் இல்லை.

நிப்டி அசையாமலே இருந்திருந்தால் இன்னும் மோசம். எண்ணும் நாள் கழிந்ததும் மிச்சம் இருப்பது 2 சாதாரண நாட்கள். 395 ரூபாய்ச் சீட்டு, அன்று மாலையே சுமார் 130 ரூபாய் ஆகி விடும். முடிவு தெரிந்தது, பயம் போயிற்று, பயத்துக்குக் கொடுத்த விலையும் போயிற்று. அடுத்த 30 நாள் ஆட்டத்தை அளக்கும் "இந்தியா விக்ஸ்" என்ற எண்கூட, ஜுன் 4-ல் சுமார் 27-ஆக இருந்து மறுநாளே 19 அளவுக்கு இறங்கியது.

யார் கவனிக்க வேண்டும்?

"பெரிய நாள் வருகிறது, மார்க்கெட் ஆடும், சீட்டு வாங்கினால் லாபம்" என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆடும் என்பது விற்கிறவருக்கும் தெரியும். அதற்குரிய விலையை அவர் முன்பே சேர்த்து விட்டார். ஆட்டம் அந்த விலையையும் மிஞ்சினால்தான் வாங்கியவருக்கு லாபம். மிஞ்சினால் விற்றவருக்கு நஷ்டம்; அதற்கு எல்லையே கிடையாது.

2022 முதல் 2024 வரை மூன்று நிதி ஆண்டுகளைச் "செபி" ஆராய்ந்தது. முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர் பணத்தை இழந்திருந்தார்கள்.

சம்பவத்துக்கு முந்தின நாள் சீட்டு வாங்க நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, "நிப்டி ஆடுமா?" என்பது அல்ல. "இந்த விலையில் எத்தனை சதவிகித ஆட்டம் அடங்கி இருக்கிறது? அதற்கு மேலும் ஆடுமா?" என்பதுதான்.