விமானம் ஏறும் முன் பாட்டை ஆஃப்லைனுக்கு மாற்றும் முறை

ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் டவுன்லோடு செய்த பாட்டு, கேசட்டையோ எம்பி3 கோப்பையோ போலக் கேட்பவரின் சொந்தப் பொருள் அல்ல. அது பூட்டிய கோப்பாகத்தான் போனுக்குள் இறங்குகிறது. அந்தச் செயலி மட்டுமே அதைத் திறக்கும். சந்தா நடப்பில் இருக்கும்வரைதான் திறக்கும். 30 நாட்களுக்கு ஒரு முறையாவது செயலி இணையத்தில் சேர்ந்து, சந்தா தொடர்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஸ்பாட்டிஃபையின் விதி. தவறினால் டவுன்லோடு செய்தவை போய்விடும். விமானத்தில் பாட்டு ஓடாமல் போவதற்கான காரணங்களில் பல, இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

ஸ்பாட்டிஃபையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானத்தில் போகும் ஒருவர் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் இருப்பார். தூக்கம், சாப்பாடு போக ஒன்பது மணி நேரப் பாட்டு அவருக்குத் தாராளம். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்தால் 120 பாட்டு. அவற்றை ஒரே பிளேலிஸ்டில் சேர்த்து, அந்தப் பிளேலிஸ்டின் தலைப்பருகே கீழ்நோக்கி இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் போதும். பாட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். இதற்கு டவுன்லோடு வசதி உள்ள கட்டணச் சந்தா வேண்டும்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது ஒலித்தரத்தைப் பொறுத்தது. நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 2.4 எம்பி ஆகும். ஒன்பது மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 1.3 ஜிபி. அதையே 160 கிலோபிட்டில் இறக்கினால் பாதி, அதாவது சுமார் 650 எம்பி. எஞ்சின் இரைச்சல் ஓயாத கேபினில், சாதாரண இயர்போனில் கேட்பவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. போனில் இடம் குறைவென்றால் 160 போதும். தரத்தை இறக்கும் முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பாதியில் மாற்றினால் ஏற்கெனவே இறங்கியவை மறுபடி இறங்க வேண்டியிருக்கும்.

மொபைல் டேட்டாவில் டவுன்லோடு நடக்காதபடிதான் செயலி முதலில் அமைக்கப்பட்டிருக்கும். வைஃபை இல்லாத டாக்ஸியில் அம்புக்குறியைத் தொட்டுவிட்டு, எல்லாம் இறங்கிக்கொண்டிருப்பதாக நம்பி விமான நிலையம் போய்ச் சேருபவர்கள் ஏமாறுவது இதனால்தான். வைஃபை இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. திரை அணைந்து செயலி பின்னணிக்குப் போனதும், பேட்டரி சேமிப்பு வசதி டவுன்லோடை நிறுத்திவைக்கக்கூடும். இறங்கி முடியும்வரை போனைச் சார்ஜில் போட்டு, செயலியைத் திரையிலேயே திறந்து வைத்திருப்பது நல்லது. இந்த வேலைக்குச் சரியான நேரம் பயணத்துக்கு முந்தைய நாள் மாலை. 30 நாள் சரிபார்ப்பும் அப்போதே புதுப்பிக்கப்பட்டுவிடும்.

இறங்கி முடிந்த பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய பச்சை அம்புக்குறி தோன்றும். பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்து, எல்லாவற்றிலும் அது இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் பத்துப் பாட்டுகளில் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் போதாது.

அம்புக்குறி தெரிவதோடும் வேலை முடிந்துவிடாது. அண்மையில் கேட்ட பாட்டுகளின் நகலைச் செயலி தற்காலிகமாகப் போனில் வைத்திருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு நேற்றுக் கேட்ட பாட்டைப் போட்டுப் பார்த்தால், டவுன்லோடு செய்யாமலேயே அது ஓடிவிடலாம். அதை நம்பிப் போனால் அடுத்த பாட்டு வாய் திறக்காது. சரியான சோதனை இப்படி இருக்க வேண்டும்: ஃபிளைட் மோடைப் போட்டு, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பார்த்து, செயலியை முழுவதுமாக மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். பிறகு பட்டியலின் நடுவிலும் கடைசியிலுமிருந்து, வெகுநாளாகக் கேட்காத நாலைந்து பாட்டுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். செயலி லாகின் கேட்டாலோ, பாட்டின் பெயர் மங்கலாகத் தெரிந்தாலோ குறை எங்கே என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். கையில் இணையம் இருப்பதால் சரிசெய்வதும் எளிது.

இனி ஆஃப்லைன் நிலை. ஃபிளைட் மோடு என்பது போனின் அமைப்பு. அது மொபைல் சிக்னலைத் துண்டிக்கிறது. ஆஃப்லைன் மோடு என்பது செயலிக்குள் இருக்கும் தனி அமைப்பு. இணையம் இருந்தாலும் அதைத் தேடாதே, கைவசம் இருப்பதை மட்டும் காட்டு என்று செயலிக்கு இடும் கட்டளை அது. இணையம் அறவே இல்லாத இடத்தில் செயலி தானாகவே ஆஃப்லைனுக்கு மாறிவிடும் என்பதால், இரண்டாவது எதற்கு என்று தோன்றலாம். இணையம் பாதி இருப்பதுபோலத் தெரியும் இடங்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. பல விமானங்களில், திரைப்படங்களையும் வழித்தட வரைபடத்தையும் காட்டுவதற்கென்றே வைஃபை இருக்கிறது. கட்டணம் செலுத்தாதவருக்கு, சில விமானங்களில் யாருக்குமே, அதில் வெளியுலக இணையம் கிடைக்காது. போன் அந்த வைஃபையில் சேர்ந்ததும், இணையம் வந்துவிட்டது என்று செயலி நினைத்துக்கொள்ளலாம். முகப்புப் பக்கத்தைப் புதுப்பிக்கப் பார்க்கும், பதில் வராது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டு போனுக்குள் இருந்தும் கேட்க முடியாத நிலை இது. முன்கூட்டியே ஆஃப்லைன் மோடு போட்டிருந்தால், வைஃபையில் சேர்ந்து படம் பார்த்தாலும் பாட்டுக்கு இடைஞ்சல் வராது.

செயலியில் தன் படத்தைத் தொட்டு அமைப்புகளுக்குள் போனால் “Offline mode” என்ற பொத்தான் கிடைக்கும். செயலியின் பதிப்பைப் பொறுத்து அது இருக்கும் பகுதி மாறலாம். எல்லாம் இறங்கி முடிந்த பிறகே அதைப் போட வேண்டும். போட்ட கணத்தில் மீதி டவுன்லோடு நின்றுவிடும். அதற்குச் சரியான இடம் விமானத்தின் வாசல் அல்ல, போர்டிங் அழைப்புக்கு முன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஆஃப்லைனை எடுத்துவிட்டு இறக்கிக்கொள்ள அங்கே அவகாசம் இருக்கும்.

அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. செயலியை நீக்கி மறுபடி நிறுவினாலோ, போனின் அமைப்பில் செயலியின் தரவை அழித்தாலோ இறக்கிய பாட்டுகள் முழுவதும் போய்விடும். லாக்அவுட் செய்வதையும் தவிர்ப்பது நல்லது. ஒரு கணக்கில் ஐந்து கருவிகளில் மட்டுமே டவுன்லோடு வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் அவசரத்தில் புது டேப்லெட் ஒன்றில் பாட்டை இறக்கி அது ஆறாவது கருவியாகிவிட்டால், நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து பாட்டுகள் நீங்கிவிடும்.

புளூடூத் ஹெட்போனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஃபிளைட் மோடில் புளூடூத் அணைந்துவிட்டால் தனியே போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. விமானப் பணியாளர் வேண்டாம் என்றால் அணைத்துவிட வேண்டும். பாதுகாப்பு விளக்கம் நடக்கும்போது ஹெட்போனைக் கழற்றி வைப்பதும் அவசியம்.

பிளேலிஸ்ட் முடிந்ததும் செயலி தானாகத் தேர்ந்தெடுத்துத் தரும் பாட்டுகளுக்கு இணையம் வேண்டும். கடைசிப் பாட்டோடு ஒலி நின்றால் அது பழுதல்ல; பட்டியலை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டால் போதும்.

லண்டனில் இறங்கியதும் ஃபிளைட் மோடை எடுப்பவர்கள், செயலிக்குள் போட்ட ஆஃப்லைன் மோடை மறந்துவிடுகிறார்கள். இணையம் வந்த பிறகும் புதுப் பாட்டு எதுவும் ஓடவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொத்தானைத்தான்.