முதலில் அடுப்பை அணை, பிறகு பாட்டிலைத் திற

இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பள்ளியில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைச் செய்துகாட்டும் ஆசிரியரின் கையில் பெரும்பாலும் இப்படியொரு குறிப்பு இருக்கும்:

"வெயில் பட்ட இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் வைக்கவும். பிறகு ஆல்கஹால் உள்ள சோதனைக் குழாயில் இலையைப் போட்டு, குழாயைக் கொதிநீர் பீக்கரில் நிறுத்தி, இலை வெளுக்கும்வரை சூடாக்கவும். எடுத்துக் கழுவி அயோடின் கரைசல் விடவும். எச்சரிக்கை: ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். நேரடியாகச் சூடாக்கக் கூடாது."

தகவலில் பிழை இல்லை, வரிசையில்தான் கோளாறு. செய்துகாட்டுபவர் ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், அடுத்த வரிக்குப் போவார். எச்சரிக்கைக்கு வந்து சேரும்போது, எரியும் அடுப்பின் பக்கத்தில் பாட்டில் திறந்து வெகுநேரமாகியிருக்கும்.

தூய எத்தனால் கொதிப்பது ஏறக்குறைய 78 டிகிரி செல்சியஸில். ஆனால் தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு அதிலிருந்து ஆவி எழ சுமார் 13 டிகிரியே போதும். நம் வகுப்பறை எந்த மாதத்திலும் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்துபோகாமல் மேசையை ஒட்டியே பரவி, தள்ளியிருக்கும் சுடரைக்கூட எட்டிவிடும். அதனால் சூடாக்கும்போதுதான் ஆபத்து என்பது சரியல்ல. மூடியைத் திறக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

"நேரடியாகச் சூடாக்கக் கூடாது" என்ற சொற்றொடரும் பாதி வழிதான் காட்டுகிறது. அதை அப்படியே பின்பற்றுபவர் குழாயை வெந்நீரில் நிறுத்துவார். பீக்கருக்கு அடியில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஆல்கஹால் திடீரெனப் பொங்கி வழிந்தால், பீக்கரின் வெளிப்பக்கமாக இறங்கி நேரே சுடரில் விழும்.

திருத்தி எழுதும்போது முதல் வேலை, ஆபத்தான வினைச்சொற்களுக்கு அடிக்கோடு இடுவது. இங்கே அவை பற்றவைப்பது, பாட்டிலைத் திறப்பது, குழாயை வெந்நீரில் இறக்குவது, குழாயை வெளியே எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் முன்பு எது முடிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் புதிய குறிப்பின் முற்பகுதி இப்படி அமையும்:

"பாதுகாப்புக் கண்ணாடி அணியவும். ஆல்கஹால் பாட்டில் மூடியபடி வேறு மேசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கவும். இடுக்கியால் இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, சோதனைக் குழாயில் போடவும். அடுப்பை அணைக்கவும். சுடர் இல்லை என்று கண்ணால் பார்த்து, 'அடுப்பு அணைந்தது' என்று வகுப்புக்குச் சொல்லவும். அதன் பிறகு பாட்டிலைத் திறந்து, இலை மூழ்கும் அளவு மட்டும் ஆல்கஹாலைக் குழாயில் ஊற்றவும். பாட்டிலை மூடி வேறு மேசைக்கே அனுப்பவும். குழாயின் வாயை ஆட்களுக்கு எதிர்ப்புறம் திருப்பி, இடுக்கியால் பிடித்து வெந்நீரில் இறக்கவும்."

குறிப்பு நீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் சோதனைக்கு எந்தக் குறையும் வரவில்லை. அப்போதுதான் கொதித்து இறங்கிய தண்ணீர் 78 டிகிரியைவிடச் சூடாக இருப்பதால், அடுப்பு இல்லாமலே ஆல்கஹால் கொதித்துப் பச்சையத்தைக் கரைத்துவிடும்.

ஒரே ஒரு இடம் உதைக்கும். தடித்த இலையாக இருந்தால், அது வெளுப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடும். வகுப்பு காத்திருக்கும், மணி அடிக்கப் போகும். அடுப்பை மறுபடி பற்றவைக்கக் கை தானாகப் போகும். நல்ல குறிப்பு இந்த அவசரத்தையும் எதிர்பார்த்து, இலை வெளுக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் வரிக்கு முன்பே பதிலை வைத்திருக்க வேண்டும்: "தண்ணீர் ஆறினால் அதைக் கொட்டிவிட்டுப் பிளாஸ்கில் உள்ள வெந்நீரை ஊற்றவும். அடுப்பைத் தொட வேண்டாம்." அப்படியானால் பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பும் வரி குறிப்பின் தொடக்கத்தில் இருந்தாக வேண்டும். வரிசையைத் திருத்தப் போனால் தேவையான பொருள்களின் பட்டியலும் மாறிவிடுவது இப்படித்தான்.

இதற்காக எல்லா வரிக்கும் முன்னால் எச்சரிக்கை ஒட்டக் கூடாது. வெளுத்த இலையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மென்மையாக்கித் தட்டில் விரிப்பதில் ஆபத்து ஏதும் இல்லை. அங்கும் "கவனம்" என்று எழுதினால், பாட்டிலைத் திறக்கும் இடத்தில் உள்ள "கவனம்" கண்ணில் படாது. எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் குவிப்பதும் அதே பலனைத்தான் தரும். கண்ணாடி மட்டும் தொடக்கத்தில் வரலாம், அது கடைசிவரை கழற்றாமல் இருக்க வேண்டியது என்பதால்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டிலில் ஆல்கஹாலுக்குப் பதில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைக்காமல், ஒருவர் குறிப்பை வாசிக்கட்டும். இதுவரை அதைப் பார்க்காத இன்னொருவர் காதில் விழுவதை மட்டும் செய்யட்டும். "அடுப்பு அணைந்தது" என்று சொல்வதற்கு முன்பே அவர் கை பாட்டில் மூடிக்குப் போனால், அந்த இடத்து வரியை மறுபடி எழுதுங்கள்.