உதட்டுக்குள்ள ஒரு சின்னப் பை

(திரையில்: உள்ளங்கையில் ஒரு சிறு வெள்ளைப் பை)

டீ பேக்கோட குட்டி மாதிரி இருக்கு, இல்லையா? எடை ஏறக்குறைய 1 கிராம்தான். உள்ள இருக்கிறது புகையிலைத் தூள். பொடின்னு சொன்னதும் நமக்கு மூக்குப்பொடிதான் ஞாபகம் வரும். அது காய்ஞ்சது. இதுல பாதிக்குப் பாதி தண்ணி. ஸ்வீடன்ல இதுக்குப் பேரு ஸ்னூஸ். ஐரோப்பிய ஒன்றியத்துல இதை விக்க 1992லயே தடை போட்டாங்க. 1995ல ஸ்வீடன் அந்த ஒன்றியத்துல சேர்ந்தப்ப, அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் விலக்கு கிடைச்சது.

மேலுதட்டைத் தூக்கி, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல சொருகிட்டு, அரை மணியோ ஒரு மணியோ அப்படியே விட்டுடுவாங்க. மெல்லவும் மாட்டாங்க, துப்பவும் மாட்டாங்க.

அப்போ மெல்லும் புகையிலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மெல்ற புகையிலை இலையாவோ முறுக்காவோ வரும். பல்லால நசுக்கினாத்தான் சாறு இறங்கும். எச்சில் ஊறும், துப்பணும். அது ஒரே இடத்துல உக்காராது, கன்னம் விட்டு கன்னம் போகும். அமெரிக்காவுல விக்கிறதுல வெல்லப்பாகு மாதிரி இனிப்பும் சேர்ப்பாங்க. அதனால அங்க பல் சொத்தையாகுறது ஒரு பெரிய தொல்லை.

இந்தப் பையில பல்லுக்கு வேலையே இல்ல. அந்த வேலையைச் செய்யுறது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. தூளோட கொஞ்சம் சோடாவும் உப்பும் கலந்திருக்கும். காரத்தன்மை ஏறினா நிக்கோட்டின் சளிச்சவ்வு வழியா சுலபமா ரத்தத்துக்குள்ள போயிடும். நம்ம வெற்றிலை புகையிலையில சுண்ணாம்பு செய்யுறதும் இதே வேலைதான். அந்த விஷயத்துல நம்ம பாட்டிமாரும் ஸ்வீடன்காரங்களும் ஒரே வேதியியல்தான்!

ஆனா அந்தக் காரமும் உப்பும் மணிக்கணக்கா ஒரே இடத்துல படுதே, அங்கதான் வம்பு. ஒருத்தர் ஒரு நாளைக்கு 10 பை வைக்கிறார், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம்னு வச்சுக்குவோம். கணக்குப்படி 10 மணி நேரம். அதுவும் எப்பவும் இடது பக்கம், கோரைப்பல்லுக்கு மேல. பழகின இடத்தை யாரும் லேசுல மாத்துறது இல்ல.

முதல்ல மாறுறது உதட்டோட உள்தோல். அதிக நேரம் தண்ணியில ஊறின விரல்நுனி மாதிரி சுருங்கும். நாளாக நாளாக வெளுத்து, மஞ்சள் கலந்து, தடிச்சு, கடைசியில ஆழமான வரிகள் விழும். இந்த மாற்றத்தை ஸ்வீடன் பல் மருத்துவர்கள் நாலு படியா பிரிச்சு வச்சிருக்காங்க. பை இல்லாம, தூளை அப்படியே உருட்டி வைக்கிறவங்களுக்கு இது இன்னும் மோசமா இருக்கும். பார்க்க பயமா இருந்தாலும், பழக்கத்தை நிறுத்தினா இந்தத் தோல் பெரும்பாலும் சில வாரங்கள்ல, சில மாசங்கள்ல பழையபடி ஆயிடும்.

ஈறு அப்படி இல்லங்க.

(திரையில்: கோரைப்பல், ஈறு மேலே ஏறிய நிலையில்)

நம்ம ஆளோட கோரைப்பல் பக்கத்துப் பல்லைவிட நீளமாத் தெரியுது, பாருங்க. பல் வளரல. ஈறுதான் பின்வாங்கியிருக்கு. எனாமல் முடியுற கோட்டுக்கு மேல மஞ்சளா தெரியுறது வேர். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. அதனால ஐஸ் தண்ணி பட்டா சுரீர்ங்குது. ஈறு நோய்னா வழக்கமா பல பற்கள்ல, பல்லிடுக்குல, ரத்தக்கசிவோட வரும். இது அப்படி இல்ல. பை வைக்கிற இடத்துல, பல்லோட வெளிப்பக்கத்துல மட்டும் ஈறு பின்வாங்கும். வலது கோரைப்பல்லோட ஒப்பிட்டா உடனே புரிஞ்சிடும். பிறவியிலயே ஈறு மெல்லிசா இருக்கிறவங்களுக்கும், பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறவங்களுக்கும் பாதிப்பு சீக்கிரம் வரும்.

"சரி, வலது பக்கம் மாத்தி வைக்கிறேன்"னு சிலர் சொல்வாங்க. மாத்தினா வலது பக்கமும் ஆரம்பிக்கும், அவ்வளவுதான். பின்வாங்கின ஈறு தானா திரும்பாது. அண்ணத்துலேருந்து திசுத் துண்டு எடுத்து வேரை மூடி ஒட்டுற அறுவை சிகிச்சை இருக்கு. ஆனா அதே இடத்துல மறுபடி பையைச் சொருகினா ஒட்டு நிக்குறது கஷ்டம்.

அடுத்தது புற்றுநோய் பயம். ஸ்னூஸ் தயாரிக்கும்போது சூடுபடுத்துறாங்க. அதனால புளிக்கவைக்கிற அமெரிக்க ஈரப்பொடியைவிட புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் இதுல குறைவு. குறைவுதான், இல்லாம இல்ல. அதனால கண்ணாடி முன்னாடி உதட்டைத் தூக்கிப் பார்க்கிறப்ப மூணு விஷயம் கவனிங்க: பையே வைக்காத இடத்துல வெள்ளைத் திட்டு, வெள்ளைக்கு நடுவுல சிவப்பு, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண். இதுல எது இருந்தாலும் பல் மருத்துவர்கிட்ட காட்டுங்க. பை வைக்கிற பழக்கத்தையும் மறைக்காம சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான், தானா மறையுற தோல் மாற்றமா, திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியதான்னு அவர் முடிவு பண்ண முடியும்.