தட்டுவதா, இன்னொரு சீட்டா?

சீட்டுக்கட்டில் ரம்மிக்கு அப்பால் குடும்பத்தோடு ஆட எளிய ஆட்டம் ஒன்று வேண்டுமென்றால் ‘முப்பத்தொன்று’ இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் இதற்கு ‘ஸ்காட்’, ‘பிளிட்ஸ்’ என்றும் பெயர்கள் உண்டு. கூட்டல் தெரிந்த குழந்தையும் பெரியவர்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்து ஆடலாம். அங்கே ஆளுக்கு மூன்று பென்னிக் காசுகளை முன்னால் வைத்துக்கொள்வார்கள். நாம் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டாலும் போதும். தோற்கிற ஒவ்வொரு முறையும் ஒன்று போகும். மூன்றும் போன பிறகு மறுபடி தோற்றால் ஆட்டத்தை விட்டு வெளியே.

ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டையும் கலைத்து, ஆளுக்கு மூன்று சீட்டு போட வேண்டும். மீதிக் கட்டைக் கவிழ்த்து வைத்து, மேல் சீட்டை மட்டும் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டும். ஏஸுக்கு 11, ராஜா, ராணி, ஜாக்கிக்கு 10, மற்றவற்றுக்கு அதில் இருக்கிற எண். ஆனால் ஒரே இனத்துச் சீட்டுகளை மட்டும்தான் கூட்டலாம். ஸ்பேட் ராஜாவும் ஸ்பேட் 5-ம் டைமன் 9-ம் கையில் இருந்தால் உங்கள் கணக்கு 15, டைமன் சேராது. ஒரே இனத்தில் ஏஸும் இரண்டு பத்தும் சேர்ந்தால் 31, அதுதான் உச்சம். அதைப் பிடித்தவர் உடனே காட்டிவிடலாம். மற்ற எல்லோரும் ஒரு காசு இழப்பார்கள்.

உங்கள் முறை வந்தால் இரண்டில் ஒன்று செய்யலாம். திறந்த சீட்டையோ கட்டின் மேல் சீட்டையோ எடுத்து, கையிலிருந்து ஒன்றைப் போடலாம். அல்லது சீட்டு எடுக்காமல் மேசையைத் தட்டலாம். தட்டிவிட்டால் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு முறை பாக்கி. பிறகு எல்லோரும் கையைத் திறக்க வேண்டியதுதான். மிகக் குறைவாக வைத்திருப்பவர் ஒரு காசு இழப்பார். தட்டியவரே குறைவாக இருந்தால் இரண்டு காசு போகும். தட்டியவரும் இன்னொருவரும் கடைசியில் சமமாக நின்றால் தட்டியவர் தப்பிப்பார்.

புதிதாக ஆடுபவர்கள் 31 வரட்டும் என்று காத்திருந்தே காசை இழக்கிறார்கள். இங்கே முதலாவதாக வரவேண்டிய அவசியமே இல்லை, கடைசியாக வராமல் இருந்தால் போதும். முதலில் விழுகிற கையை எண்ணிப் பாருங்கள். 100 கையில் ஏறக்குறைய 40-ல் மூன்றும் மூன்று இனமாக இருக்கும்; அதில் 11-ஐத் தாண்ட வழியில்லை. 55-ல் இரண்டு சீட்டு சேரும். அதன் உச்சம் 21. மூன்றும் ஒரே இனமாக விழுவது ஐந்து கையில்தான். அதனால் ஆரம்பத்திலேயே 20-ஐத் தாண்டியவர் துணிந்து தட்டலாம்.

நான்கு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை கவிதாவுடையது. கையில் ஸ்பேட் ராணி, ஸ்பேட் 7, டைமன் 4. திறந்திருப்பது ஸ்பேட் 6. அதை எடுத்து டைமனைப் போடுகிறாள்: 23. அடுத்து அப்பா. ஹார்ட்டின் ராஜாவும் 9-ம் சேர்ந்து 19, கூடவே உதவாத கிளாவர் 3. கட்டிலிருந்து கிளாவர் 10 வருகிறது. வேண்டாத சீட்டுதானே என்று அதையே திருப்பிப் போட்டுவிடுகிறார். அடுத்திருக்கும் அண்ணன் கையிலோ கிளாவர் ஏஸ், கிளாவர் 5, டைமன் 2. பத்தை எடுத்ததும் அவன் கணக்கு 16-லிருந்து 26-க்குத் தாவுகிறது. அப்பா 3-ஐப் போட்டிருந்தால் அவருக்கு அதே 19-தான், ஆனால் அந்தச் சீட்டால் அண்ணனுக்குக் கிடைப்பதும் 19-தான். நமக்கு உதவாத இரண்டு சீட்டில் சிறியதைப் போடுவதே நல்லது. அண்ணன் போட்ட டைமன் 2 பாட்டிக்கு உதவுகிறது. டைமன் ஏஸ், 8-உடன் சேர்ந்து 21. அவர் ஸ்பேட் 3-ஐப் போடுகிறார்.

மறுபடி கவிதா. ஸ்பேட் 3-ஆல் அவளுக்குப் பயனில்லை. தட்டுகிறாள். கடைசி முறையில் யாருக்கும் உதவுகிற சீட்டு வரவில்லை. கவிதா 23, அப்பா 19, அண்ணன் 26, பாட்டி 21. அண்ணனைவிட மூன்று குறைவாக இருந்தும் கவிதாவுக்கு நஷ்டம் இல்லை. காசு போவது அப்பாவுக்கு.

இந்தக் கணக்கு கடைசி வரை அப்படியே செல்லாது. ஆட்கள் வெளியேற வெளியேற, நமக்குக் கீழே நிற்க ஆள் குறைந்துகொண்டே வரும். இருவர் மட்டும் மிஞ்சும்போது கடைசியாக வராமல் இருப்பதும் முதலாவதாக வருவதும் ஒன்றேதான். எதிராளி நாலைந்து முறை சீட்டு மாற்றிய பிறகு 21-ஐ நம்பித் தட்டினால், இரண்டு காசு போவதற்கே வாய்ப்பு அதிகம்.